மும்பைத் தமிழில் இந்தி எதுவரை நுழையும்? இலக்கணக் கடன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என எந்தப் பக்கம் போனாலும் தமிழ் வீடுகளில் ஒரே மாதிரியான சந்தேகங்கள் காதில் விழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்து, கீழே பதில் எழுதியிருக்கிறோம். முதலிரண்டு பதில்களைப் படித்துவிட்டு மேலே போனால் மற்றவை எளிதாகப் புரியும்.

எங்க பசங்க பேசுற தமிழ்ல பாதி இந்தி வார்த்தைதான். தமிழ் இலக்கணமே போயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. "கிட்கிய பந்த் பண்ணிட்டு பாஹர் வா" என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். கிட்கி, பந்த், பாஹர் மூன்றும் இந்தி. ஆனால் கிட்கியோடு ஒட்டிய 'ஐ' தமிழ் வேற்றுமை உருபு. 'பண்ணிட்டு' தமிழ் வினையெச்சம். 'வா' தமிழ் ஏவல். செயப்படுபொருள் முன்னே, வினை கடைசியில் என்ற வரிசையும் தமிழுடையதுதான். பெயர்கள் மாறியிருக்கின்றன, அவற்றைக் கோக்கும் உறுப்புகள் ஒன்றுகூட மாறவில்லை.

வாக்கியத்தில் எத்தனை இந்திச் சொல் என்று எண்ணுவதால் இலக்கணத்தின் நிலை தெரியாது. எந்த வகைச் சொல், எந்த வகை உறுப்பு வந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஏதோ அளவுகோல் இருக்குன்னு சொல்றாங்களே, அதுல என்னதான் இருக்கு?

ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து எதை எளிதில் எடுக்கும், எதைக் கடைசியில் எடுக்கும் என்ற வரிசை அது. பெயர்ச்சொல்தான் முதலில் கடன் போகும் என்று விட்னி என்ற மொழியியலாளர் 1881-லேயே எழுதினார். இன்று அதிகம் பேசப்படுவது, சாரா தாமசனும் டெரன்ஸ் காஃப்மனும் 1988-ல் வெளியிட்ட ஐந்து படிகள். முதல் படியில் பொருட்பெயர் போன்ற சொற்கள் மட்டும் வரும். அம்மா, கை, தண்ணீர் போன்ற அடிப்படைச் சொற்களை அவை தொடாது. இரண்டாம் படியில் 'ஆனால்', 'அதாவது' போன்ற இணைப்புச் சொற்கள் வரும். 'ஃபோன்' என்பதில் வரும் ஃப போல, கடன்சொல்லுக்குள் மட்டும் கேட்கும் புது ஒலிகளும் சேரும். மூன்றாவதில் சொல்லாக்க விகுதிகள், பின்னுருபுகள், பிரதிப்பெயர்கள், ஒன்று இரண்டு மூன்று போன்ற சிறு எண்கள் வரும். நான்காவதில் சொல்வரிசை பெரிதாக மாறும், வேற்றுமை விகுதியும் வினை விகுதியும் சொந்தச் சொற்களில் ஏறும். ஐந்தாவதில் மொழியின் அமைப்பே வேறு மாதிரி ஆகிவிடும்.

இந்த வரிசை காலக்கணக்கு சொல்வதில்லை. 'பத்து வருஷத்தில் இரண்டாம் படி' என்று அதிலிருந்து கணிக்க முடியாது. மூன்றாம் படிச் சரக்கு ஒரு மொழியில் இருந்தால் முதலிரண்டு படிச் சரக்கும் அங்கே ஏற்கெனவே இருக்கும் என்பதுதான் அதன் கூற்று. எந்தப் படி வரை போகும் என்பதை எத்தனை பேர் இருமொழி பேசுகிறார்கள், எத்தனை தலைமுறையாக, எந்த மொழிக்கு மதிப்பு அதிகம் என்பவை தீர்மானிக்கின்றன. இரு மொழிகளின் அமைப்பும் நெருக்கமாக இருந்தால் மேல்படிக் கடன் சீக்கிரமே வந்துவிடும்.

'பட்', 'லேகின்', 'மத்லப்' எல்லாம் வெறும் வாய்ப்பழக்கம்தானே? அதைப் போய் இலக்கணம்னு எப்படிச் சொல்றது?

இவை எந்தப் பொருளுக்கும் பெயரில்லை. ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு பொருத்துவதுதான் இவற்றின் வேலை. அதனால்தான் இவை இரண்டாம் படியில் வருகின்றன. வாக்கியத்தின் ஓரத்தில் தனியாக நிற்பதால் எந்த விகுதியையும் இவை தொந்தரவு செய்வதில்லை, ஆகவே எடுப்பது எளிது.

இதற்குள்ளேயே ஒரு வரிசை இருக்கிறது. யாரோன் மட்ராஸ் என்ற மொழியியலாளர் பல மொழிகளை ஒப்பிட்டு, 'ஆனால்' முதலில், பிறகு 'அல்லது', கடைசியில்தான் 'மற்றும்' என்று காட்டினார். நம் நகரத் தமிழில் இதை இன்றே கேட்கலாம். "பட் எனக்குப் பிடிக்கல" என்று தயங்காமல் சொல்பவர்கள், "அண்ணனும் தம்பியும்" என்பதில் இருக்கும் 'உம்'மை விட்டுவிட்டு "அண்ணன் அண்ட் தம்பி" என்று சொல்வது குறைவு. அவர் தரும் காரணம் இது: 'ஆனால்' என்னும் இடத்தில் பேசுபவர் கேட்பவரின் எதிர்பார்ப்பை மறுக்கிறார். அவருடைய கவனம் முழுவதும் கேட்பவரை இழுத்துப் பிடிப்பதில் இருக்கும்போது, எந்த மொழியிலிருந்து சொல்லை எடுக்கிறோம் என்ற கட்டுப்பாடு நழுவுகிறது. 'உம்' வரும் இடத்தில் அந்த இழுபறி இல்லை. இன்னொரு காரணமும் உண்டு: 'உம்' சொல்லோடு ஒட்டி நிற்கும் உறுப்பு, அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைப்பது கடினம்.

வினைச்சொல் மட்டும் ஏன் நேரா வர மாட்டேங்குது? எல்லாத்துக்கும் 'பண்ணு' போட வேண்டியிருக்கே?

தமிழ் வினையில் காலம், இடம், எண், பால் எல்லாம் விகுதியாக ஒட்ட வேண்டும். அந்நிய வினையடியில் அவற்றை ஒட்ட வழி தெரியாதபோது, அந்தச் சொல்லைப் பெயர்போல நிறுத்தி 'பண்ணு' மேல் விகுதியை ஏற்றுகிறோம். டிரை பண்ணினேன், மாஃப் பண்ணிடு, பரேஷான் பண்ணாதே எல்லாம் அப்படித்தான். இந்தியும் 'கர்னா'வை வைத்து இதையே செய்கிறது. ஆகவே இதுவும் முதல் படிதான். விகுதி முழுக்கத் தமிழ்.

சாய்வாலா, தூத்வாலான்னு எல்லாரும் சொல்றாங்க. 'வாலா' தமிழ் விகுதி ஆயிடுச்சா?

இன்னும் ஆகவில்லை. விகுதி தனியாக மொழி மாறுவது அரிது. அது சொற்களுக்குள் ஒளிந்துகொண்டு வரும். முதலில் முழுச்சொற்கள் பல வர வேண்டும். பிறகு 'வாலா' இல்லாத வெறும் சொல்லும் (சாய், தூத்) பேசுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்து, கடைசித் துண்டுக்கு 'அதை விற்பவர், அதை உடையவர்' என்று பொருள் பிரிக்க முடியும். அதன் பிறகு அந்தத் துண்டு அசல் தமிழ்ச் சொல்லில் ஒட்ட வேண்டும். 'தூத்வாலா' என்பது முதல் கட்டம். 'தயிர்வாலா', 'முறுக்குவாலா' என்று இந்தி தெரியாத பாட்டியும் விளையாட்டாக இல்லாமல் சொன்னால்தான் கடைசிக் கட்டம்.

இந்தப் பாதையை முழுதாக நடந்து முடித்த விகுதி தமிழில் உண்டு: '-தாரர்'. பாரசீகத்தில் 'தார்' என்றால் வைத்திருப்பவர். ஜமீன்தார், தாசில்தார், சுபேதார், ஹவில்தார் என்று ஆட்சி, படைச் சொற்களாக அது கூட்டமாக வந்தது. ஜமீன் தனியாகவும் தெரியும், ஜமீன்தாரும் தெரியும் என்ற நிலையில் மக்கள் துண்டைப் பிரித்தார்கள். இன்று ரேஷன் கடை அறிவிப்பில் 'குடும்ப அட்டைதாரர்கள்' என்கிறோம். அட்டை தமிழ்ச் சொல். அரசாணைகளில் வரும் 'உரிமதாரர்' அதே வகை. 'தார்' தமிழ் மரியாதை 'அர்' ஏற்று 'தாரர்' ஆனதையும் கவனியுங்கள். விகுதிக்கு மேல் சொந்த விகுதி ஏறியிருக்கிறது. மூன்றாம் படிக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் தேட வேண்டியதில்லை.

'வாலா'வுக்கு ஒரு தடையும் இருக்கிறது. பால்காரர், பூக்காரி என்று அதே வேலையைச் செய்ய 'காரர்' ஏற்கெனவே இருக்கிறது. அதுவே வடமொழி 'கார' என்பதோடு தொடர்புடையதாகச் சொல்லப்படுவது. ஆண், பெண், மரியாதை மூன்றையும் தாங்கும்படி தமிழில் முழுக்கப் பொருந்திவிட்டது. 'வாலா' அந்த மூன்றையும் தமிழ் வழியில் காட்டாது. காலியிடம் இல்லாத இடத்தில் விகுதி குடியேறுவது மெதுவாகத்தான் நடக்கும்.

ஃப்ரெண்ட்ஸ், டிக்கெட்ஸ்ன்னு சொல்றோமே, இங்கிலீஷ் பன்மை வந்துடுச்சுன்னு அர்த்தமா?

இல்லை. 'வீடுஸ்', 'மரம்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஃப்ரெண்ட்ஸுங்க' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே 'ஸ்' பன்மையாக உணரப்படாமல் சொல்லின் பகுதியாகவே ஆகிவிட்டதால்தான் மேலே 'ங்க' தேவைப்படுகிறது. 'வாலா' பற்றிய பதிலில் சொன்ன சோதனையே இங்கும்: சொந்தச் சொல்லில் ஒட்டாதவரை விகுதி கடன் ஆகவில்லை.

மும்பை இந்தியில 'அபுனிச்', 'ஐசாயிச்'ன்னு ஒரு 'இச்' வருதே, அது எங்கேர்ந்து வந்துச்சு? நம்ம தமிழுக்கும் வருமா?

மராத்தியிலிருந்து. 'மீச்' என்றால் நானேதான், 'ஆஜச்' என்றால் இன்றைக்கேதான். அந்த 'ச்' நம் 'ஏ', 'தான்' செய்யும் வேலையைச் செய்கிறது. இந்தியில் அதற்கு 'ஹீ' இருக்கிறது. மும்பை இந்தியும் தக்காணத்து உருதுவான தக்கனியும் மராத்தி 'ச்'சை எடுத்து, முன்னே ஓர் 'இ' சேர்த்துக்கொண்டன. சொல்லோடு ஒட்டி நின்றாலும் இது வேற்றுமை உருபு இல்லை. எந்தச் சொல்லின் பின்னாலும் வரும், எடுத்துவிட்டாலும் வாக்கியம் உடையாது. அதனால்தான் எளிதில் மொழி மாறியது.

தமிழுக்கு வர வேண்டுமானால் 'நான்தான்', 'இப்பவே' என்ற இடங்களில் அது நிற்க வேண்டும். தமிழ்ச் சொல்லின் மேல், சினிமா ரவுடியைப் போல் பேசிக் காட்டும் நோக்கம் இல்லாமல், அது ஒட்டுகிறதா என்று பாருங்கள். பிறரைப் போலப் பேசிக் காட்டுவது கடன்வாங்கல் கணக்கில் வராது.

எங்க மாமனார் நாற்பது வருஷமா இந்தி பேசறார். ஒரு தமிழ் வார்த்தைகூடக் கலக்க மாட்டார், ஆனா வாக்கியம் மட்டும் அப்படியே தமிழ் மாதிரி இருக்கும். வார்த்தைதான் முதல்ல வரும்னா இது எப்படி?

இந்தக் கேள்வியில்தான் பலரும் குழம்புகிறார்கள். தாமசன், காஃப்மன் இருவரும் இதற்கென்றே இரண்டு நிகழ்வுகளைப் பிரித்தார்கள். தன் மொழியை விடாமல் பேசுபவர் அதற்குள் பிறமொழிச் சரக்கை எடுப்பது கடன்வாங்கல். மேலே சொன்ன ஐந்து படிகள் அதற்கு மட்டும்தான். ஒருவர் பிறமொழியைக் கற்றுப் பேசும்போது தன் மொழியின் பழக்கத்தை அதற்குள் கொண்டுபோவது வேறு. அங்கே வரிசை தலைகீழாகும்: ஒலியும் வாக்கிய அமைப்பும் முதலில் போகும், சொற்கள் குறைவாகவே போகும். சொற்களை மனப்பாடம் செய்யலாம், மாற்றிச் சொன்னால் உடனே தெரியும். மூச்சொலி, பால் இயைபு போன்றவை நாம் கவனிக்காமலேயே நம் பழக்கப்படி வந்துவிடும்.

உங்கள் மாமனார் 'கானா'வுக்கும் மூச்சொலியோடு வரும் 'கா²னா'வுக்கும் வேறுபாடு இல்லாமல் சொல்லலாம், 'நதீ ஆயீ' என்பதற்கு 'நதீ ஆயா' எனலாம். தமிழில் நதி அஃறிணை. அதற்குப் பெண்பால் என்று தமிழ் காதுக்குத் தோன்றாது. அதே மனிதர் வீட்டில் தமிழ் பேசும்போது கிட்கி, பந்த், லேகின் எல்லாம் வரும். ஒரே ஆளின் இரண்டு மொழியில் இரண்டு வரிசை. ஒரு எடுத்துக்காட்டைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, மாறுவது பேசுபவரின் முதல்மொழியா, கற்ற மொழியா என்பதே. இதைக் கேட்காமல் அளவுகோலைப் பிடித்தால் விடை தவறாகிவிடும்.

வார்த்தை வாங்காம இலக்கணம் மட்டும் மாற முடியுமா?

முடியும், மகாராஷ்டிராவிலேயே நடந்திருக்கிறது. சாங்லி மாவட்டத்தில் குப்வாட் என்ற ஊரில் கன்னடம், மராத்தி, உருது பேசுபவர்கள் பல நூற்றாண்டுகளாக அண்டை அயலாக வாழ்ந்தார்கள். கம்பர்ஸ், வில்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1971-ல் அதை எழுதினார்கள். 'கீரை கொஞ்சம் வெட்டி எடுத்து வந்தேன்' என்பதை அந்த ஊர் உருதுவில் "பாலா ஜரா காட் கே லே கே ஆயா" என்றும், மராத்தியில் "பாலா ஜரா காப் உன் கே உன் ஆலோ" என்றும் சொல்கிறார்கள். கன்னடமும் அதே துண்டுகளை அதே வரிசையில் அடுக்குகிறது. மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால் துண்டுக்குத் துண்டு நேராக நிற்கும். தமிழ் வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் பொருந்தும். அந்த ஊர் உருதுவில் 'நதீ ஆயா'தான் சரி. கன்னடத்தின் பால் பாகுபாடு அங்கே உருதுவுக்கும் போய்விட்டது.

அங்கே வீட்டுமொழிதான் யார் எந்தச் சமூகம் என்பதைக் காட்டியது. சொல்லை மாற்றினால் அடையாளம் போகும், அமைப்பை மாற்றினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் உறுப்பின் உருவத்தை வாங்காமல் அமைப்பை மட்டும் வாங்கினார்கள். 'நாளைக்கு வர்றேன்னு சொன்னான்' என்பதற்குத் தக்கனியில் வரும் "கல் ஆதா போல்கே போலா" இதே வகை: 'போல்கே' இந்தி உருப்படி, ஆனால் 'என்று' நிற்கும் இடத்தில் நின்று 'என்று' செய்யும் வேலையைச் செய்கிறது. அளவுகோலின் பெரும்பகுதி உருவத்தை வாங்குவதைப் பற்றியது. அமைப்பை வாங்குவதைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

அஞ்சாம் படி வரைக்கும் உண்மையிலேயே எந்த மொழியாவது போயிருக்கா?

போயிருக்கின்றன, ஆனால் குறைவு. துருக்கியின் நடுப்பகுதியில் பேசப்பட்ட கப்படோக்கியக் கிரேக்கம் பிரபலமான சான்று. சில ஊர்களில் கிரேக்க வினையின் மேல் துருக்கித் தன்மை, முன்னிலைப் பன்மை விகுதிகள் ஏறியிருந்ததை டாக்கின்ஸ் 1916-ல் பதிவு செய்தார். பேரிங் கடலில் மெட்னி தீவின் அலியூத் மொழியில் வினையடி அலியூத், அதன் முற்றுவிகுதி ரஷ்யன். அது சாதாரணக் கடன் இல்லை, கலப்புக் குடும்பங்களில் பிறந்த புதுமொழி என்று பிரித்துப் பார்ப்பவர்கள் அதிகம்.

நமக்குச் சொந்தமான சான்று பிராகுவி. பலூச்சிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழி. ஒன்று, இரண்டு, மூன்றுக்குத்தான் அங்கே திராவிடச் சொல். நான்கிலிருந்து ஈரானிய எண்கள். 'கி' என்ற இணைப்பையும் எடுத்து, துணைவாக்கியத்தை வினைக்குப் பின்னால் வைக்கும் ஈரானிய வழக்கத்தையும் கூடவே எடுத்துக்கொண்டது. மும்பைத் தமிழில் "அவன் சொன்னான் கி நாளைக்கு வர்றானாம்" என்ற வாக்கியம் இயல்பாகக் காதில் விழுந்தால், அந்தத் திசையில் முதல் அடி வைத்திருக்கிறது என்று பொருள். 'கி'யும் 'னு'வும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால் மாற்றம் இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

எங்க வீட்டுத் தமிழ் எந்தப் படியில இருக்குன்னு நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். எல்லாருடைய ஒப்புதலோடும் சாப்பாட்டு நேரப் பேச்சை அரைமணி நேரம் பதிவு செய்யுங்கள். பேட்டி எடுக்காதீர்கள், மைக் முன்னால் எல்லாரும் நல்ல தமிழுக்கு மாறிவிடுவார்கள். அந்நிய உறுப்பு வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி, அந்த உறுப்பு பெயரா, இணைப்பா, விகுதியா, சொல்வரிசையா என்று குறியுங்கள். பக்கத்தில், யார் சொன்னது, அவருக்கு இந்தி சரளமா என்பதையும் எழுதுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஓரிடத்தில்தான். முழு வாக்கியமும் இந்திக்குத் தாவி, பிறகு தமிழுக்குத் திரும்புவதையும் கடன் என்று எண்ணிவிடுகிறார்கள். அது மொழி மாற்றிப் பேசுவது. கடன் என்று எழுத இரண்டு அடையாளம் தேடுங்கள்: இந்தி அவ்வளவாகத் தெரியாதவரும் சொல்ல வேண்டும், ஒரே ஆள் ஒருமுறை சொன்னதாக இல்லாமல் இரண்டு மூன்று பேரிடம் திரும்பத் திரும்ப வர வேண்டும். இந்தச் சல்லடையில் நிற்பவற்றுள் மிக மேலான படி எதுவோ, அதுவே உங்கள் வீட்டின் படி. 'லேகின்' நின்று, 'வாலா' உதிர்ந்தால் இரண்டு.

பெங்களூர்ல என் தங்கச்சி வீட்டுல கன்னடம் கலக்குது. அங்கேயும் இதே மாதிரி பார்த்தா போதுமா?

முறை அதேதான், ஆனால் அங்கே அடையாளம் காண்பது கடினம். இந்தி உறுப்பு தமிழில் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கன்னடமும் தமிழும் ஒரு குடும்பம். தமிழ் 'க்கு', கன்னட 'கெ'. தமிழ் 'ஆனா', கன்னட 'ஆத்ரெ': இப்படி ஒத்திருப்பதில் பெரும்பகுதி பழைய சொத்து, கடன் இல்லை. அமைப்பும் நெருக்கம் என்பதால் மேல்படிக் கடன்கூட ஓசையில்லாமல் வந்துவிடும்.

அதனால் ஒரு படி கூடுதலாகச் செய்யச் சொல்லுங்கள். சந்தேகமான வழக்கு ஒவ்வொன்றையும், கன்னடத் தொடர்பே இல்லாத அவர்கள் சொந்த ஊர்த் தமிழில் இருக்கிறதா என்று அங்கே இருக்கும் உறவினரிடம் கேட்க வேண்டும். திருநெல்வேலியிலும் அப்படியே சொன்னால் அதை அடித்துவிடலாம். அங்கே இல்லாமல், கன்னடத்தில் இருந்து, பெங்களூரில் பிறந்த பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் அதைப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.